ஃபோட்டோ புத்தகம் இருட்டாகவோ மங்கலாகவோ வந்தால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

அப்பாவுக்கு எண்பது முடிந்தபோது திருக்கடையூரில் சதாபிஷேகம் செய்தோம். படங்களை நானே எடுத்தேன். 10க்கு 10 அங்குலத்தில் 48 பக்கப் புத்தகமாக நானே வடிவமைத்து, டிஜிட்டல் பிரஸ் வைத்திருக்கும் ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். தாள் மட்டும் கையில் தொட்டுப் பார்த்துப் பிடித்துப்போய், பூச்சு இல்லாத, லேசாகச் சொரசொரப்பான, கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளைத் தாளைத் தேர்ந்தெடுத்திருந்தேன். புத்தகம் வந்தது. அப்பா மூன்று பக்கம் புரட்டிவிட்டுக் கேட்டார்: “ஏம்ப்பா, கரண்ட் போன நேரத்துல எடுத்ததா இது?”

அச்சகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் அமைதியாகச் சொன்னார்: “சார், ஃபைல்ல என்ன இருக்கோ அதைத்தான் மெஷின் அடிக்கும்.” அப்போது எரிச்சலாக இருந்தது. பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்ததில், அவர் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் “இருட்டாக இருக்கிறது” என்று நான் பொதுவாகச் சொன்னதற்குள் நாலைந்து தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த பெரிய தப்பு, படங்களையெல்லாம் திருத்தி முடித்த பிறகு தாளைத் தேர்ந்தெடுத்தது. தாள் முடிவாகாமல் சாஃப்ட் ப்ரூஃப் பார்க்க முடியாது. சாஃப்ட் ப்ரூஃப் என்பது, இந்த மெஷினில் இந்த மையால் இந்தத் தாளில் அடித்தால் படம் எப்படி வரும் என்று கணக்குப் போட்டுத் திரையில் காட்டுவது. அந்தக் கணக்கு ஐ.சி.சி. ப்ரொஃபைல் என்ற சின்னக் கோப்பில் இருக்கிறது. தாள் மாறினால் அந்தக் கோப்பும் மாறும், திருத்தமும் மாறும்.

## எல்லாப் பக்கமும் இருட்டு. திரையில் நன்றாகத்தான் இருந்தது

முதலில் புத்தகத்தைப் பகலில் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள். நேர் வெயில் படக்கூடாது, நிழல் வெளிச்சம் போதும். அங்கே நன்றாக இருந்து, ராத்திரி ஹாலில் மட்டும் இருட்டாகத் தெரிந்தால் புத்தகத்தில் குறை இல்லை, வீட்டு விளக்கு போதவில்லை. ஜன்னலோரத்திலும் முகங்கள் கறுத்து, ஆனால் வேட்டியின் வெள்ளை மட்டும் வெள்ளையாகவே இருந்தால், படத்தைத் திருத்திய திரைதான் குற்றவாளி. திரை அளவுக்கு மேல் பளிச்சென்று இருந்ததால் படம் போதிய வெளிச்சத்தோடு இருப்பதாக நினைத்து நிறுத்திவிட்டிருப்பீர்கள். என் கதை இதுதான்.

திரையின் பிரகாசத்தைக் கேமராவைக் கொண்டே அளக்கலாம். தனியாகக் கருவி வேண்டாம். திரை முழுக்க வெறும் வெள்ளையை வையுங்கள். கேமராவை மேனுவல் மோடில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 4 என்று வைத்து, வெள்ளை மட்டுமே சட்டத்தில் தெரியும்படி அருகில் பிடியுங்கள். ஃபோகஸ் ஆகாவிட்டால் இன்னும் நல்லது. மீட்டர் முள் நடுவில் சுழியத்தில் நிற்கும்வரை ஷட்டர் வேகத்தை மாற்றுங்கள். ஷட்டர் பின்னத்தின் கீழ் எண்ணை இரண்டால் பெருக்கினால் கிடைப்பது கிட்டத்தட்ட திரையின் பிரகாசம், cd/m² என்ற அலகில்.

```
cd/m² = 12.5 × N² / (t × ISO)
N = 4, ISO = 100  →  cd/m² = 2 / t
t = 1/50   →  100
t = 1/125  →  250
```

கேமராவுக்குக் கேமரா இந்த 12.5 என்ற மாறிலி கொஞ்சம் வேறுபடும். ஆனாலும் நமக்குத் தேவையான அளவுக்கு இது துல்லியம்தான். என் லேப்டாப்பில் ஷட்டர் 1/160இல் நின்றது. அதாவது 320. அச்சுக்குத் திருத்தும் திரை 80 முதல் 120க்குள் இருக்க வேண்டும். மூன்று மடங்கு பிரகாசத்தில் உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன். கேமரா மொழியில் சொன்னால் ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல். அப்பா கரண்டைப் பற்றிக் கேட்டதில் வியப்பே இல்லை.

அதே கேமராவை ராத்திரி ஹாலில் டியூப்லைட்டின் கீழே விரித்துவைத்த வெள்ளைத் தாளின் மேல் காட்டினேன். 1/20. வெறும் 40. தாள் தானாக ஒளிராது, மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப மட்டுமே தெரியும். 500 லக்ஸ் வெளிச்சம் விழும் மேசையில் நல்ல வெள்ளைத் தாள் 130 பக்கம் ஒளி தரும். சாதாரண வீட்டு விளக்கில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் திரையை 100க்கு இறக்கிய பிறகும் ராத்திரிப் பார்வைக்குப் புத்தகம் கொஞ்சம் அமுங்கித்தான் தெரியும்.

சரி, சரிசெய்வது எப்படி? திரையை 100க்குக் கொண்டுவாருங்கள். தானாகப் பிரகாசம் மாறும் வசதி, இரவில் மஞ்சளாக்கும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். முதல் அரைமணி நேரம் திரை செத்துப்போனது மாதிரி இருக்கும், கண் பழகிவிடும். பழகிய பிறகு படங்களைத் திறங்கள். முகங்கள் எவ்வளவு இருட்டு என்று அப்போதுதான் தெரியும். என் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு முக்கால் ஸ்டாப் ஏற்றம் தேவைப்பட்டது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவில் ஏற்றக்கூடாது. ஏற்கெனவே வெள்ளையாக இருக்கும் வேட்டியும் விபூதியும் வெந்துபோகும். ஃபோட்டோஷாப்பின் கர்வ்ஸில் நடுப்பகுதியை மட்டும் பிடித்து மேலே தூக்குங்கள். மேல் முனையைத் தொடாதீர்கள்.

கேமரா முறை பிரகாசத்தைத்தான் சொல்லும், நிறம் சரியா என்று சொல்லாது. அதற்குத் திரையில் ஒட்டிவைத்து அளக்கும் கலரிமீட்டர் வேண்டும். அடிக்கடி புத்தகம் போடுகிறவர் என்றால் வாங்கலாம். ஒரே ஒரு புத்தகத்துக்கு என்றால் தெரிந்த ஸ்டூடியோக்காரரிடம் ஒருநாள் இரவல் கேளுங்கள்.

## ப்ரூஃப் போட்டதும் படம் வெளிறி, உயிரில்லாமல் ஆகிவிடுகிறது

பலர் சாஃப்ட் ப்ரூஃபை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அதன் பக்கமே திரும்பாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். முதலில் சரியாகப் போட்டிருக்கிறீர்களா என்று பார்ப்போம். ஃபோட்டோஷாப்பில் `View > Proof Setup > Custom` திறங்கள். `Device to Simulate` என்ற இடத்தில் தாளுக்குரிய ப்ரொஃபைல். அச்சகம் தன் ப்ரொஃபைலைக் கொடுத்தால் அதையே போடுங்கள். விண்டோஸில் அந்தக் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து `Install Profile` என்றால் பட்டியலில் வந்துவிடும். “அதெல்லாம் எங்ககிட்ட இல்லைங்க” என்று சொன்னால் (என் அச்சகம் அப்படித்தான் சொன்னது), பூச்சுள்ள ஆர்ட் பேப்பருக்கு `Coated FOGRA39 (ISO 12647-2:2004)`, பூச்சில்லாத தாளுக்கு `Uncoated FOGRA29 (ISO 12647-2:2004)`. இரண்டும் ஃபோட்டோஷாப்போடு வருபவை. உங்கள் மெஷினின் அச்சு அசல் இல்லை, ஆனால் எந்தத் திசையில் எவ்வளவு மாறும் என்பதை நன்றாகவே காட்டும்.

`Rendering Intent` இடத்தில் `Relative Colorimetric`, கூடவே `Black Point Compensation` டிக். கீழே `Simulate Paper Color` டிக் போட்டதும் `Simulate Black Ink` தானாகச் சேர்ந்துகொள்ளும். படம் பொத்தென்று விழுவது இந்த இடத்தில்தான்.

அந்த வீழ்ச்சியில் பாதி உண்மை, பாதி கண்ணின் ஏமாற்று. தாளின் வெள்ளை திரையின் வெள்ளையைவிட மங்கல். ஆனால் படத்தைச் சுற்றி மெனுவும் சாளரமும் திரையின் முழு வெள்ளையில் பளபளப்பதால், நடுவில் இருக்கும் தாள் வெள்ளை அழுக்காகத் தெரிகிறது. ராத்திரி பூராவும் எல்.இ.டி. வெளிச்சத்தில் இருந்துவிட்டு விளக்கை அணைத்தால் முதல் நொடி ஒன்றும் தெரியாதே, அந்த மாதிரி. `F` விசையை இரண்டு முறை தட்டி முழுத்திரைக்குப் போங்கள். `Ctrl+Y` அழுத்தி ப்ரூஃபை அணையுங்கள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி `Ctrl+Y` அழுத்துங்கள். பத்து நொடி கழித்துப் படத்தைப் பாருங்கள். இப்போது தெரிவது புத்தகத்தில் வரப்போவதற்கு நெருக்கமானது.

அப்படியும் படம் பச்சையாகவோ அழுத்தமான மஞ்சளாகவோ, வேறு படம் மாதிரித் தெரிந்தால், அமைப்பில் தப்பு இருக்கிறது. அச்சகம் கொடுத்த ப்ரொஃபைல் ஆர்.ஜி.பி. வகை என்றால் `Preserve Numbers` டிக் ஆகியிருக்கலாம், எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தாளுக்குப் பொருந்தாத ப்ரொஃபைல் ஏறியிருக்கும். எது ஏறியிருக்கிறது என்பதைச் சாளரத்தின் தலைப்பிலேயே `RGB/8` என்பதற்குப் பக்கத்தில் பார்க்கலாம்.

இன்னொன்று. ப்ரூஃப் என்பது பார்வைக்கு மட்டும். அதைப் பார்த்துவிட்டுக் கோப்பையே `CMYK`வுக்கு மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். அச்சகம் வாய்விட்டுக் கேட்டால் தவிர, sRGB ஆகவே கொடுங்கள். ப்ரொஃபைல் எது என்று உறுதியாகத் தெரியாமல் நாம் ஒரு முறை மாற்ற, மெஷின் தன் பங்குக்கு ஒரு முறை மாற்ற, நிறம் இரண்டு தடவை அடிவாங்கும்.

## ஒரே ஒரு நிறம் மட்டும் போய்விட்டது

அம்மா வாடாமல்லி நிறத்தில் பட்டு கட்டியிருந்தார். திரையில் அது எரிந்தது. புத்தகத்தில் பழைய திராட்சைச் சாறு. அதைவிட மோசம், புடவையின் மடிப்புகள் எல்லாம் காணாமல் போய் ஒரே திட்டாக இருந்தது. ஆனால் அதே பக்கத்தில் மாவிலைத் தோரணத்தின் பச்சையும் தோல் நிறமும் நன்றாகவே இருந்தன. எல்லா நிறமும் மங்காமல் ஒன்று மட்டும் விழுந்தால், அந்த நிறம் மையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று அர்த்தம். நான்கு மை அச்சில் வாடாமல்லி, கிளிப்பச்சை, மேடை எல்.இ.டி.யின் நீலம், ஹோமத் தீயின் ஆரஞ்சு ஆகியவை இந்தச் சிக்கலில் முதலில் மாட்டும். தூய நீலம் ஊதாவாகத் திரும்புவதும் இதனால்தான்.

`Shift+Ctrl+Y` அழுத்தினால் எல்லை தாண்டிய இடங்கள் சாம்பல் நிறத்தில் மூடிக்கொள்ளும். அம்மாவின் புடவை முழுக்க மூடியது. இந்த எச்சரிக்கை எண்களை வைத்துக் கணக்கிடுவது. அதனால் மலிவான, நிறம் குறைவாகக் காட்டும் லேப்டாப் திரையிலும் அதை நம்பலாம். கண்ணுக்குத் தெரியும் ப்ரூஃபை அந்தத் திரையில் அவ்வளவு நம்ப முடியாது.

இங்கே எல்லாரும் செய்யும் தப்பு, சாம்பல் திட்டு மறையும்வரை படம் முழுவதற்கும் சாச்சுரேஷனைக் குறைப்பது. புடவைக்காக அப்பாவின் முகம் வெளுத்துவிடும். நான் செய்தது இது. `Image > Duplicate` மூலம் அசலின் நகல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ப்ரூஃப் போட்ட படத்தில் முதலில் `Rendering Intent`ஐ `Perceptual`க்கு மாற்றிப் பார்த்தேன். எல்லைக்கு வெளியே இருக்கும் நிறங்களை ஓரத்தில் வெட்டாமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நெருக்கும் முறை அது. மடிப்புகள் பாதி திரும்பின. ஆனால் அச்சகம் எந்த முறையில் அடிக்கிறது என்று கேட்டால் `Relative` என்றார்கள். அப்படியென்றால் நான் `Perceptual`இல் பார்த்துச் சந்தோஷப்படுவதில் பயனில்லை.

திரும்ப `Relative`. புடவையை மட்டும் தேர்ந்தெடுத்து `Hue/Saturation` லேயர் போட்டு, மெஜந்தாவில் சாச்சுரேஷனை 18 குறைத்தேன். அப்புறம் அதே இடத்தில் கர்வ்ஸ் வைத்து, மடிப்பின் நிழல்களைக் கொஞ்சம் இருட்டாக்கி, மேடுகளைக் கொஞ்சம் தூக்கினேன். நிறத்தில் இழந்ததை வெளிச்ச வித்தியாசத்தில் ஈடுகட்டுவது. சாம்பல் திட்டு முழுதாக மறையவில்லை, மறைய வேண்டும் என்பதும் இல்லை. மடிப்பும் ஜரிகையும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்பதுதான் கேள்வி. தெரிந்தன. நிறம்? அசல் வாடாமல்லி இல்லை. ஆனால் தனியாகப் பார்க்கிறவர் யாரும் குறை சொல்லவில்லை. அம்மாவைத் தவிர.

## எல்லா நிறமும் ஒரே சீராக மங்கல்

இது எளிது. தோல் சாம்பல், பச்சை வாடிய பச்சை, எல்லாமே ஒரு படி கீழே. ஆனால் வெளிச்சம் சரியாக இருக்கிறது. பெரும்பாலும் படம் Adobe RGBஇல் இருந்து, ப்ரொஃபைல் ஒட்டப்படாமல் சேமிக்கப்பட்டிருக்கும். மெஷின் அதை sRGB என்று எடுத்துக்கொண்டிருக்கும். கோப்புறையில் இருக்கும் படங்களை `exiftool` என்ற இலவச நிரலைக் கொண்டு ஒரே கட்டளையில் சோதிக்கலாம்:

```
exiftool -T -FileName -ImageSize -ProfileDescription *.jpg
```

கடைசி நெடுவரிசையில் வெறும் கோடு வந்தால் ப்ரொஃபைல் இல்லை, Adobe RGB என்று வந்தால் மாற்ற வேண்டும். அதற்கு `Edit > Convert to Profile` தான் சரி. பக்கத்திலேயே இருக்கும் `Assign Profile`ஐத் தொட்டால் எண்கள் அப்படியே இருக்க, அர்த்தம் மட்டும் மாறி நிறம் குழம்பும். ப்ரொஃபைலே இல்லாமல் மங்கிய படத்துக்கு மட்டும் முதலில் `Assign Profile`இல் Adobe RGB என்று கொடுத்துவிட்டு, பிறகு மாற்றுங்கள்.

## கறுப்பு சாம்பலாக இருக்கிறது. நிழலுக்குள் ஒன்றும் தெரியவில்லை

தாள் தன் குணத்தைக் காட்டும் இடம் இது. திருக்கடையூர்ப் பிராகாரத்தில் கருங்கல் தூண்கள். புகை கறுத்த தூணுக்கு முன்னால் உறவினர் கூட்டம். என் முதல் புத்தகத்தில் தூண் சாம்பல் பூசிய சுவர் மாதிரி இருந்தது, அதே நேரத்தில் தூணின் செதுக்கல் ஒன்றும் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக எப்படி நடக்கும் என்று குழம்பினேன்.

பூச்சில்லாத தாள் மையைக் குடித்துவிடும். மை மேலே படலமாக நிற்காமல் நாருக்குள் இறங்குவதால் கறுப்பு ஆழமாக வராது. அச்சுத் தரத்தின் எண்ணிலேயே இதைப் பார்க்கலாம். வெள்ளைக்கு 100, முழு இருட்டுக்கு 0 என்று வைத்துக்கொள்ளும் வெளிச்ச அளவில், ஆஃப்செட் அச்சின் கறுப்பு மை ஆர்ட் பேப்பரில் 16க்குப் போகும். பூச்சில்லாத தாளில் 31 பக்கத்திலேயே நின்றுவிடும். மேப்லித்தோவில் அடித்த பாடப்புத்தகப் படங்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தில் 31க்குக் கீழே இருந்த எல்லா நிழல் வித்தியாசமும் 31க்கு மேலே ஒரு குறுகிய இடத்துக்குள் அமுங்க வேண்டும். அதோடு மைப்புள்ளிகள் பரவி இடைவெளிகளை நிரப்பிவிடும். அதனால்தான் கறுப்பும் வராது, செதுக்கலும் தெரியாது.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் பளபளப்பான தாளா? இல்லை. கிளாஸ் ஆர்ட் பேப்பரில் கறுப்பு ஆழம், நிறம் செறிவு, எல்லாம் உண்மை. ஆனால் டியூப்லைட்டின் கீழே விரித்தால் விளக்கின் பிம்பம் பக்கத்தில் விழும், கையால் சாய்த்துச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். விரல் ரேகை வேறு. என் சிபாரிசு, வீட்டில் பலர் கைமாறிப் பார்க்கும் புத்தகத்துக்கு மேட் அல்லது சில்க் பூச்சுள்ள ஆர்ட் பேப்பர். பூச்சு இருப்பதால் மை மேலேயே நிற்கும்; மேற்பரப்பு மங்கலாக இருப்பதால் விளக்கு பிரதிபலிக்காது. கனம் 170 முதல் 200 ஜி.எஸ்.எம். வைத்தால் பின்பக்கப் படம் இந்தப் பக்கம் தெரியாது. 130இல் போட்டால், வெள்ளை இடம் அதிகமாக விட்ட பக்கங்களில் மறுபக்க முகம் பேய் மாதிரி எட்டிப்பார்க்கும். கறுப்பு வெள்ளைப் படம், பழைய ஆல்பத்தின் நகல், மூடுபனி என்று மென்மையான விஷயமே புத்தகம் முழுக்க என்றால் பூச்சில்லாத தாள் அழகுதான். கோயில் இருட்டுக்கும் பட்டுக்கும் அது பொருந்தாது.

கல்யாண ஸ்டூடியோக்கள் போடும் கெட்டிப் பக்க ஆல்பங்களில் பல வேறு ரகம். மை இல்லாமல், ஒளியுணர் ஃபோட்டோ தாளிலேயே படத்தைப் பதிவு செய்து கழுவி எடுப்பது. அதில் மைப்புள்ளியே கிடையாது. லேப் கொடுக்கும் ப்ரொஃபைலும் ஆர்.ஜி.பி. வகை. அதை லைட்ரூமில் `S` விசையை அழுத்தியே பார்க்கலாம். கறுப்பு நன்றாக வரும், லஸ்டர் மேற்பரப்பு எடுத்தால் பிரதிபலிப்பும் குறைவு. பக்கம் தடிமன் என்பதால் 48 பக்கம் போட்டால் மடியில் வைத்துப் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

தாளை மாற்ற முடியாத நிலை என்றால் ப்ரூஃப் போட்டுக்கொண்டே நிழல்களைத் தூக்குங்கள். எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு பட்டை உதவும்: 0, 5, 10, 15 என்று 40 வரை ஆர்.ஜி.பி. மதிப்பில் ஒன்பது சதுரங்கள். அதைச் சோதனைப் பக்கத்தில் அடித்துப் பார்த்ததில், சொரசொரத் தாளில் 25க்குக் கீழே எல்லாம் ஒரே சதுரமாகிவிட்டது. சில்க் தாளில் 10 வரை பிரித்துப் பார்க்க முடிந்தது. தூணின் செதுக்கல் என் கோப்பில் 8க்கும் 22க்கும் இடையில் இருந்தது. மர்மம் அங்கேயே தீர்ந்தது.

மேட் லேமினேஷன் போடச் சொல்லியிருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள். அது கறுப்பை ஒரு படி சாம்பலாக்கும், நிறத்தைத் தணிக்கும். லேமினேஷன் இல்லாமல் அளந்த ப்ரொஃபைலுக்கு இது தெரியாது, ப்ரூஃபிலும் வராது. அட்டைக்கு மட்டும் போட்டு, உள்பக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

## கூர்மை இல்லை

கையில் ஒரு பூதக்கண்ணாடி வேண்டும். நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்குக் கண்ணாடி இருந்தால் போதும். அப்பாவின் நெற்றியில் விபூதிப் பட்டையின் ஓரத்தைப் பாருங்கள்.

மைப்புள்ளிகள் ஒவ்வொன்றும் தெளிவாக, வட்டமாக இருந்து, ஆனால் பட்டையின் ஓரம் மட்டும் மெல்ல மங்கிக் கரைந்தால், அச்சு சரி, கோப்புதான் மொழுக்கை. ஓரத்தில் ஒரு பக்கம் மெல்லிய நீலமோ சிவப்போ கோடு விட்டால், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை. அது அச்சகத்தின் கோளாறு, திரும்ப அடித்துத் தரக் கேட்கலாம். புள்ளிகளே நாரோடு நாராகப் பரவிக் கலங்கியிருந்தால் அது தாள்.

கோப்புதான் காரணம் என்றால், முதலில் பிக்சலை எண்ணுங்கள். 10 அங்குலப் பக்கத்துக்கு, வெட்டுப்படும் ஓரம் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் சேர்த்தால் 260 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 3071 பிக்சல் வேண்டும். என் கேமராவின் 6000க்கு 4000 படத்தைச் சதுரமாக வெட்டினால் 4000 இருக்கிறது, தாராளம். ஆனால் சித்தப்பா மகன் எடுத்த நல்ல படங்கள் நான்கு வாட்ஸ்அப்பில் வந்தவை. நீளப் பக்கமே 1600. முழுப் பக்கத்தில் போட்டால் அங்குலத்துக்கு 156கூட வராது. அவற்றை ஐந்து அங்குலத்துக்குச் சுருக்கி வைத்தேன். பிறகு அவனிடம் சொல்லி, டாக்குமென்ட்டாக அனுப்பவைத்து அசலை வாங்கினேன். மேலே சொன்ன `exiftool` கட்டளை அளவையும் காட்டுவதால் இப்படிப்பட்ட படங்களை அதிலேயே பிடித்துவிடலாம்.

பிக்சல் போதுமானதாக இருந்தும் மொழுக்கென்று இருந்தால், கடைசிக் கட்டக் கூர்மை ஏற்றவில்லை என்று பொருள். மைப்புள்ளியாக மாறும்போது ஒவ்வொரு ஓரமும் கொஞ்சம் மழுங்கும். அதை ஈடுகட்ட முன்கூட்டியே கொஞ்சம் அதிகமாகக் கூர்மையாக்க வேண்டும். இதைப் படத்தை இறுதி அளவுக்கு மாற்றிய பிறகுதான் செய்ய வேண்டும். 6000 பிக்சலில் ஏற்றிய கூர்மை 3071க்குச் சுருங்கும்போது கரைந்துவிடும். சில்க் தாளுக்கு நான் வைத்தது `Unsharp Mask`: `Amount` 90, `Radius` 1.2, `Threshold` 3. சொரசொரத் தாள் என்றால் 130 வரை போயிருப்பேன். திரையில் 100 சதவீதத்தில் பார்த்தால் அப்பாவின் தாடி முடி கம்பி மாதிரி துருத்தும், பயந்து குறைத்துவிடாதீர்கள். 50 சதவீதத்தில் சற்று முறுக்காகத் தெரிந்தால் தாளில் சரியாக இருக்கும். தோலில் மட்டும் மாஸ்க் போட்டுப் பாதியாகக் குறையுங்கள். எண்பது வயது முகத்துக்குச் சுருக்கத்தைக் கூட்டிக்காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

லைட்ரூமில் என்றால் ஏற்றுமதிச் சாளரத்தில் `Sharpen For` என்ற இடத்தில் `Matte Paper` அல்லது `Glossy Paper` தேர்ந்தெடுத்தால் அளவு மாற்றிய பிறகு அதுவே செய்துவிடும். `Standard` போதும்.

## ஒரு விளக்கில் ஒரு நிறம், இன்னொரு விளக்கில் வேறு நிறம்

நீலம் கலந்த வெள்ளையாகப் பளீரென்று தெரியும் தாள்களில் ஒளிரூட்டும் ரசாயனம் இருக்கும். பகல் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பி விடும். எல்.இ.டி. விளக்கில் அந்தக் கதிர் பெரும்பாலும் இல்லாததால் அதே தாள் சாதாரண வெள்ளையாகிவிடும். ஒரு புத்தகத்தை இரண்டு இடத்தில் பார்த்துவிட்டு அச்சகத்தில் சண்டை போடும் முன், இரண்டு பேரும் ஒரே வெளிச்சத்தில் பாருங்கள்.

## சோதனைப் பக்கம்

இரண்டாம் முறை முழுப் புத்தகம் கொடுக்கும் முன் ஒரே ஒரு பக்கம் அடித்து வாங்கினேன். அதே மெஷின், அதே 200 ஜி.எஸ்.எம். சில்க். பக்கத்தில் ஒன்பது சதுரப் பட்டை, அம்மாவின் புடவை, தூண், விபூதி, கூடவே அப்பாவின் முகம் மூன்று முறை: திருத்தியது அப்படியே, மூன்றில் ஒரு ஸ்டாப் கூட்டியது, மூன்றில் இரண்டு ஸ்டாப் கூட்டியது. ஜன்னலோரத்தில் முதலாவது அழகு. ராத்திரி ஹாலில் மூன்றாவது அழகு. நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டேன். கர்வ்ஸில் 128ஐ 140க்குத் தூக்கியதற்குக் கிட்டத்தட்டச் சமம். புத்தகம் முழுவதற்கும் அதையே வைத்தேன்.

தீ மட்டும் அடங்கவில்லை. ஹோம குண்டத்தின் ஆரஞ்சு எந்த வித்தையிலும் திரையில் பார்த்த மாதிரி வரவில்லை, நான்கு மையில் வரவும் வராது. அந்தப் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் முதலில் வெள்ளை விளிம்போடு குடும்பப் படம் ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு இருண்ட பிராகாரப் படத்தை விளிம்பில்லாமல் பக்கம் முழுக்க வைத்தேன். பக்கத்தில் வெள்ளையே இல்லாததால் இருக்கிற ஆரஞ்சே போதுமான அளவு எரிந்தது.